பதிவேற்றுவதற்கு முன்: நானூறு படங்களுக்கு நானூறு பெயர்

விக்கிமீடியா பொதுவகத்தில் ஒரு படத்தின் தலைப்பும் கோப்பின் பெயரும் ஒன்றுதான். விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் நாம் பார்க்கும் பெரும்பாலான படங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒரு படம் ஏறிவிட்ட பிறகு, ஏற்றியவரே நினைத்தாலும் அதன் பெயரைத் தாமாக மாற்ற முடியாது. கோரிக்கை வைக்க வேண்டும். அதற்கான உரிமை பெற்றவர் பார்த்து மாற்றித் தர வேண்டும். அதற்குள் அந்தப் படம் நான்கு மொழிக் கட்டுரைகளில் பயன்பட்டிருக்கலாம். பெயரிலிருந்த ஒரு தவறான தகவலை யாரோ ஒருவர் தம் புத்தகத்தின் படக்குறிப்பில் அப்படியே எடுத்துப் போட்டிருக்கலாம். ஒரு படத்துக்கே இவ்வளவு என்றால், ஒரே நாளில் நானூறு படங்களை மொத்தமாக ஏற்றுகிறவர்கள் தலைப்புகளை முன்கூட்டியே சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஒரு எடுத்துக்காட்டோடு போவோம். ஒரு தன்னார்வக் குழு தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் நானூறு படங்கள் எடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் எடுத்தவர்கள் மூன்று பேர். கோப்புறையை வாங்கி எக்செல்லில் தலைப்புகளை எழுதியவர் நான்காமவர். அவர் அன்று கோயிலுக்கு வரவில்லை. இந்த வேலை பெரும்பாலும் இப்படித்தான் பிரிகிறது. பட்டியலில் ஒரு நெடுவரிசையில் கேமரா கொடுத்த எண், அடுத்ததில் எழுதிய தலைப்பு, அதற்கடுத்து விவரக்குறிப்பு, தேதி. நம் கைக்கு வருவது இந்தப் பட்டியல். ஒரு வரியை எடுத்துப் பார்க்கலாம்:

உலகப் புகழ்பெற்ற தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் மாமன்னன் ராஜராஜ சோழன் கட்டிய நிழல் தரையில் விழாத கோபுரம்

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே சொற்களோடு வேறு முப்பது படங்களுக்கும் தலைப்பு இருக்கிறது. இதில் சொல்லப்பட்ட ஒரு செய்தி பொய். இன்னொரு சொல் பிழை. நீளமோ பொதுவகம் ஏற்கும் அளவைத் தாண்டுகிறது. ஒரே மாதிரி இருப்பது, இல்லாததைச் சொல்வது, நீளம் தவறுவது என்ற மூன்று குற்றங்களும் ஒரே வரியில் கூடியிருப்பது தற்செயல் அல்ல. படத்தைப் பார்க்காமல், அந்த இடத்தைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை எழுதும்போது மூன்றும் சேர்ந்தேதான் வரும். படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒன்றும் கிடைக்காததால் புகழ்ச்சியும் கேள்விப்பட்ட கதையும் அந்த இடத்தை நிரப்புகின்றன. எல்லாப் படத்துக்கும் அதே நிரப்பல்தான் என்பதால் தலைப்புகள் ஒன்றுபோல் ஆகின்றன, நீளவும் செய்கின்றன.

அதனால் சரிபார்ப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் தகவல், பிறகு ஒற்றுமை, கடைசியில் நீளம். மாற்றிச் செய்தால் வேலை இரட்டிக்கும். நீளத்தை முதலில் வெட்டினால், பிறகு ஒவ்வொன்றையும் வேறுபடுத்திக் காட்டச் சொற்களைச் சேர்க்கும்போது அது மறுபடி நீளும். ஒற்றுமையை முதலில் சரிசெய்தால், வேறுபாட்டுக்காகச் சேர்த்த சொல்லே பொய்யாக இருக்கக்கூடும்.

தகவலைச் சரிபார்க்க மேலிருந்து கீழே வரி வரியாகப் படிப்பது வீண். நாற்பது வரி தாண்டுவதற்குள் கண் எல்லாவற்றுக்கும் தலையாட்டத் தொடங்கிவிடும். தலைப்புகளிலிருந்து கூற்றுகளை மட்டும் பிரித்துத் தனி நெடுவரிசையில் எழுதிக்கொள்வதுதான் பயன் தரும் வழி. யார் கட்டியது, எந்தக் காலம், எத்தனை, எது பெரியது, எந்தத் திசை என்று ஒவ்வொன்றும் ஒரு கூற்று. நானூறு தலைப்பு இருந்தாலும் அவற்றில் திரும்பத் திரும்ப வரும் வெவ்வேறு கூற்றுகள் சில பத்துக்குள் அடங்கிவிடும். ஒவ்வொன்றையும் ஒரு முறை தீர விசாரித்துவிட்டால், அது வரும் வரிகள் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

நம் வரியிலிருக்கும் கூற்றுகளைப் பாருங்கள். ராஜராஜன் கட்டியது என்பது சரி. தன் ஆட்சியின் 25-ஆம் ஆண்டு 275-ஆம் நாளில் விமானத்தின் உச்சிக்குப் பொன் வேய்ந்த செப்புக் குடத்தை அவன் கொடுத்த செய்தி கோயிலின் கல்வெட்டிலேயே இருக்கிறது. 1010 என்ற ஆண்டு அதிலிருந்து வருவது. நிழல் விழாது என்பது கதை. காலையிலும் மாலையிலும் போய் நின்றால் முற்றத்தில் நீண்டு கிடக்கும் நிழலைக் காணலாம். டிசம்பர் மாத நண்பகலில் தஞ்சையில் சூரியன் தென்வானில் ஏறக்குறைய 56 பாகை உயரத்தில்தான் இருக்கும். அறுபது மீட்டர் உயரமுள்ள ஒன்றின் நிழல் அப்போது வடக்கே நாற்பது மீட்டர் வரை நீளும். ஆக உச்சிவேளைக்கும் இந்தக் கதை பொருந்தாது. அடுத்து, கோபுரம் என்ற சொல். வாயிலின் மேல் எழுவது கோபுரம், கருவறையின் மேல் எழுவது விமானம். இந்தக் கோயிலில் கேரளாந்தகன் திருவாயில், ராஜராஜன் திருவாயில் என்று உண்மையான கோபுரங்கள் இரண்டு இருக்கும்போது, விமானத்தின் படத்துக்குக் கோபுரம் என்று பெயர் வைத்தால் தேடுகிறவருக்கு எது எதுவென்று தெரியாமல் போகும்.

எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பெரிய கதைகள் அல்ல. அவை கண்ணில் பட்டுவிடும். "சோழர் கால" என்ற இரண்டு சொற்களைப் பாருங்கள். எழுதியவர் ஒரு கட்டத்தில் அதை எழுதிவிட்டுக் கீழே இழுத்துவிட்டிருப்பார். நானூறு வரியும் சோழர் காலமாகிவிடும். பெரிய நந்தி நாயக்கர் காலத்தது. நுணுக்கமான வேலைப்பாடுள்ள சுப்பிரமணியர் சந்நிதியும் அப்படியே. அம்மன் சந்நிதி பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் எடுப்பித்தது. சுவரில் நீண்டு செல்லும் மராத்திக் கல்வெட்டு 1803-இல் இரண்டாம் சரபோஜி காலத்தில் பொறிக்கப்பட்ட போன்ஸ்லே வம்ச வரலாறு. அதன் படத்துக்கு "ராஜராஜன் கல்வெட்டு" என்று பெயர் வைத்தால், எழுத்தே தேவநாகரியாக இருப்பதை ஒருவரும் பார்க்கவில்லை என்றுதான் பொருள். "சோழர் கால" என்பது பொய்யான சொல் அல்ல, கோயிலின் பெரும்பகுதிக்கு அது பொருந்தும். அதனால்தான் அது தப்பிவிடுகிறது.

ஆகவே கூற்றுகளை இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது. இது உண்மையா என்பது முதல் கேள்வி. நூலைப் பார்த்து அதை முடிக்கலாம். இந்தப் படத்துக்கு இது உண்மையா என்பது இரண்டாவது. அதற்கு ஒவ்வொரு வரியையும் படத்தோடு அருகருகே வைத்துப் பார்த்தே ஆக வேண்டும், குறுக்கு வழி கிடையாது. உதாரணமாக, விமானத்தின் மேல்தளத்தில் நாட்டியக் கரணச் சிற்பங்கள் இருக்கின்றன. 108 கரணங்களுக்கு இடம் ஒதுக்கி 81 மட்டும் செதுக்கியிருக்கிறார்கள். "108 கரணச் சிற்பங்கள்" என்று தலைப்பில் இருந்தால் எண் தவறு. அதோடு இன்னொன்றும் கேட்க வேண்டும்: அந்தத் தளத்துக்குப் பார்வையாளர்களை விடுவதில்லையே, இந்தக் குழு அங்கே எப்படிப் போனது? படத்தைத் திறந்தால் வெளிச்சுவரில் உள்ள வேறொரு ஆடல் சிற்பமாக இருக்கும்.

இழுத்து நிரப்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கட்டத்தின் கடைசியில் எண் இருந்தால் எக்செல் அதை ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போகும். "கி.பி. 1010" என்று முடியும் தலைப்பை அறுபது வரி இழுத்தால் 1011, 1012 என்று ஏறி, கடைசி வரியில் 1069 என்று நிற்கும். எந்த மனிதரும் புனையாத ஐம்பத்தொன்பது பொய்கள் ஒரே இழுப்பில் பிறக்கின்றன. எண்களை மட்டும் பிரித்து வரிசைப்படுத்திப் பார்த்தால் ஒரே பார்வையில் இது வெளிப்பட்டுவிடும். காலை, மாலை என்று தலைப்பில் இருந்தால் கேமரா பதிந்த நேரத்தோடும், படத்தில் வெளிச்சம் விழும் பக்கத்தோடும் ஒப்பிடலாம். கோயில் கிழக்கு நோக்கியது. மாலை என்று பெயரிட்ட படத்தில் வாயிலின் முகப்பில் நேர்வெயில் அடிக்காது.

உறுதி செய்ய முடியாத கூற்றை என்ன செய்வது? தலைப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். விமானத்தின் உச்சிக்கல் 80 டன் எடையுள்ள ஒற்றைக்கல் என்பது ஊரெங்கும் பரவிய செய்தி. பல துண்டுகளைச் செதுக்கிப் பொருத்தியது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். தலைப்பு வாதிடும் இடம் அல்ல. "சிகரம்" என்று மட்டும் போட்டுவிட்டு, இரண்டு கருத்துகளையும் ஆதாரத்தோடு விவரக்குறிப்பில் எழுதலாம். அங்கே இடம் தாராளமாக இருக்கிறது.

பொய்யையும் புகழ்ச்சியையும் எடுத்த பிறகு மிஞ்சுவதைப் பார்த்தால் மனம் கொஞ்சம் சோர்ந்துபோகும். "தஞ்சாவூர்ப் பெரிய கோயில் சிற்பம்" என்று ஐம்பது வரி, "தஞ்சாவூர்ப் பெரிய கோயில் நந்தி" என்று இருபது. இப்போதுதான் ஒற்றுமையைச் சரிசெய்யும் நேரம்.

ஒற்றுமையில் இரண்டு வகை உண்டு. முதல் வகை, எழுத்துக்கு எழுத்து ஒரே தலைப்பு. பொதுவகத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருக்க முடியாது என்பதால் இரண்டாவது ஏறாமல் நிற்கும். இதை எக்செல்லில் `=COUNTIF(B:B,B2)` என்ற ஒரு வரியால் பிடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். தமிழில் அது போதாது. "கோ" என்பதை ஓகாரக் குறியை ஒரே குறியீடாகக் கொண்டும் எழுதலாம், ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். எக்செல் இரண்டையும் வேறு என்று சொல்லும். பொதுவகத்தின் மென்பொருளோ இரண்டையும் ஒன்றாக்கிவிடும். அடிக்கோடும் இடைவெளியும் அதற்கு ஒன்றுதான். இதற்கு நேர்மாறான சிக்கல் "ஸ்ரீ". ஸகரத்தை வைத்தும் ஶகரத்தை வைத்தும் அதைத் தட்டச்சு செய்ய முடியும், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவமாகத்தான் தெரியும், ஆனால் பொதுவகம் இரண்டையும் இரு வேறு பெயர்களாக ஏற்றுக்கொள்ளும். ஸ்ரீவிமானம் என்று ஒரே தோற்றத்தில் இரண்டு கோப்புகள் உருவாகி, தேடினால் ஒன்று மட்டும் அகப்படும். கோயில் படங்களில் இது வராத பட்டியலே அபூர்வம்.

ஆகவே ஒப்பிடுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பைத்தான் தெரிந்த ஒருவர் குழுவில் இருந்தால் இது போதும்:

```python
import unicodedata

def seer(t):
    t = unicodedata.normalize("NFC", t)
    t = t.replace("_", " ")
    t = t.replace("\u0bb6\u0bcd\u0bb0\u0bc0",
                  "\u0bb8\u0bcd\u0bb0\u0bc0")
    return " ".join(t.split())

def neelam(t):
    return len((seer(t) + ".jpg").encode("utf-8"))
```

முதல் பகுதி தலைப்பைச் சீராக்குகிறது: பிரிந்த குறிகளைச் சேர்க்கிறது, அடிக்கோட்டை இடைவெளியாக்குகிறது, இரண்டு ஸ்ரீயையும் ஒன்றாக்குகிறது, கூடுதல் இடைவெளிகளை நீக்குகிறது. சீராக்கிய நெடுவரிசையில் COUNTIF போட்டால் அப்போது வரும் விடையை நம்பலாம். இரண்டாம் பகுதி நீளத்துக்கு. அதற்கு இப்போது வருவோம்.

இரண்டாம் வகை ஒற்றுமையை எந்தச் சூத்திரமும் காட்டாது. "சிற்பம் 1", "சிற்பம் 2" என்று ஐம்பது வரை எண் போட்டால் தலைப்புகள் வேறுபடுகின்றன, ஆனால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அகரவரிசைப்படி அடுக்கி, முதல் மூன்று சொற்கள் ஒன்றாக உள்ள வரிகளைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கூட்டத்திலும் படங்களை எடுத்து வைத்து, இவை எதில் வேறுபடுகின்றன என்று கேட்க வேண்டும். சிற்பம் யாருடையது, எந்தப் பக்கச் சுவர், கீழ்வரிசையா மேல்வரிசையா, முழு உருவமா கை மட்டுமா. தென்புறச் சுவர் என்று தெரிந்தால் தென்புறச் சுவர் என்றே எழுதலாம். ஒரே நந்தியை ஒரே இடத்திலிருந்து ஏழு முறை எடுத்திருந்தால் தலைப்பில் வேறுபாடு தேடுவது வெட்டி வேலை. ஏழில் நல்லதான ஒன்றிரண்டை மட்டும் ஏற்றலாம். தலைப்புகளின் ஒற்றுமை சில நேரம் படங்களின் ஒற்றுமையைக் காட்டிக்கொடுக்கிறது. அதை அலங்காரச் சொற்களால் மறைப்பதை நான் ஏற்கமாட்டேன். தெரியாத சிற்பத்துக்கு ஊகித்து ஒரு தெய்வத்தின் பெயரை வைப்பதையும் அப்படித்தான். அது முந்தைய குற்றத்துக்கே திரும்பப் போவதாகும்.

இனி நீளம். பொதுவகத்தில் கோப்பின் பெயர் 240 பைட்டுக்குள் இருக்க வேண்டும். `.jpg` என்ற நான்கும் இதில் சேரும். பல கணினிகளில் ஒரு கோப்புப் பெயருக்கு 255 பைட்டு வரை இடமுண்டு. ஒரு படத்தின் பழைய பதிப்பைச் சேமிக்கும்போது, பெயருக்கு முன்னால் பதினான்கு இலக்க நேரமுத்திரையையும் ஒரு குறியையும் மென்பொருள் சேர்க்கிறது. அந்தப் பதினைந்து போக மிச்சம் 240.

ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்பதால் 240 என்பது நீண்ட வாக்கியத்துக்கே போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டு. மெய்யோ உயிர்மெய்யோ, ஓர் எழுத்து பெரும்பாலும் இரண்டு குறியீடு. "கா" என்றால் ககரமும் காலும், "ம்" என்றால் மகரமும் புள்ளியும். கண்ணுக்கு ஓர் எழுத்து, கணக்கில் ஆறு பைட்டு. "தஞ்சாவூர்ப் பெரிய கோயில்" என்பதை எண்ணிப் பாருங்கள். நம் கணக்கில் பன்னிரண்டு எழுத்து. குறியீட்டுக் கணக்கில் 22, இரண்டு இடைவெளி. பைட்டில் 68. நம் எடுத்துக்காட்டு வரிக்கு 53 எழுத்து. எக்செல்லின் LEN அதை 100 என்று சொல்லும். 240 என்ற வரம்பை மனத்தில் வைத்துப் பார்ப்பவர் பாதிகூட ஆகவில்லை என்று நிம்மதியாக விட்டுவிடுவார். உண்மையில் அது 276 பைட்டு, `.jpg` சேர்ந்தால் 280. மேலே கொடுத்த இரண்டாம் பகுதி எண்ணிச் சொல்வது இந்தக் கடைசி எண்ணைத்தான். கருவி கையில் இல்லாதவர்கள் நாற்பத்தைந்து எழுத்தைத் தாண்டினால் சந்தேகப்படுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

நீளத்தைத் திருத்தும்போது செய்யக் கூடாதது, சூத்திரம் போட்டு வாலை வெட்டுவது. LEFT போட்டு 78 குறியீட்டில் நறுக்கினால் ஒரு சொல்லின் நடுவில் விழும். சில நேரம் எழுத்துக்கும் புள்ளிக்கும் நடுவில் விழும். "விமானம்" என்பது "விமானம" என்று முடியும். அப்படி யாராவது முன்பே வெட்டியிருக்கிறார்களா என்று கண்டுபிடிப்பது எளிது. நீள நெடுவரிசையை வரிசைப்படுத்துங்கள். சரியாக ஒரே குறியீட்டு எண்ணிக்கையில் பத்துப் பதினைந்து தலைப்பு வந்து நின்றால் அது இயற்கையாக வந்த நீளம் அல்ல. வரிசையின் மறுமுனையையும் பார்க்க வேண்டும். "நந்தி" என்று மட்டும் இருக்கும் தலைப்பு எந்த ஊர் நந்தி என்று சொல்லவில்லை. அந்தப் பெயரை வேறு யாரேனும் ஏற்கெனவே எடுத்தும் இருப்பார்கள்.

எடுத்துக்காட்டு வரியின் படத்தைத் திறந்து பார்க்கிறோம். முற்றத்தின் தென்மேற்கு மூலையிலிருந்து விமானத்தை முழுதாக எடுத்திருக்கிறார்கள். புதிய தலைப்பு இப்படி அமைகிறது:

தஞ்சாவூர்ப் பெரிய கோயில், ஸ்ரீவிமானம், தென்மேற்கிலிருந்து

`.jpg` சேர்த்து 163 பைட்டு. இன்னும் 77 மிச்சம். இதே இடத்திலிருந்து வேறொரு நாள் எடுத்த படம் இருந்தால் தேதியைச் சேர்க்கலாம். ராஜராஜன், 1010, யுனெஸ்கோ இந்தக் கோயிலை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த 1987 எல்லாம் விவரக்குறிப்புக்குப் போகின்றன. அங்கே தேடுபொறிக்கும் அவை கிடைக்கும், படிப்பவருக்கும் கிடைக்கும்.

திருத்தம் முடிந்ததும் ஒற்றுமைச் சோதனையையும் நீளச் சோதனையையும் மறுபடி ஒரு முறை ஓட்ட வேண்டும். ஒரு கூட்டத்தைத் திருத்தும்போது எழுதிய புதுத் தலைப்பு வேறொரு கூட்டத்தில் இருப்பதோடு மோதலாம். அதன் பிறகு, படம் எடுத்த மூவரில் ஒருவரிடம் பட்டியலையும் படங்களையும் கொடுத்து, அங்கிங்கே எடுத்த இருபது வரிகளை மட்டும் பார்க்கச் சொல்வது நல்லது. நேரில் நின்றவருக்குத் தெரிவது எந்தக் கருவிக்கும் தெரியாது. இருபதில் ஒன்றில் திசையோ சந்நிதியின் பெயரோ தவறியிருந்தால், அந்தத் தவறு வந்த கூட்டத்தை முழுவதுமாகத் திறந்து மறுபடி பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் நானூறையும் ஒரே அழுத்தில் ஏற்ற வேண்டாம். முதலில் பத்து. ஏறிய பக்கங்களைத் திறந்து, தலைப்பில் புள்ளிகள் நிற்கின்றனவா, சாய்கோடும் முக்காற்புள்ளியும் இருந்த இடங்களில் மென்பொருள் என்ன போட்டிருக்கிறது, தேதியும் விவரமும் அந்தந்தப் படத்துக்கே போயிருக்கின்றனவா, வரிசை ஒன்று தள்ளிப்போகவில்லையே என்று பார்த்துவிட்டு, மிச்சம் முந்நூற்றுத் தொண்ணூறு.